அடுப்பில்லாத அறையில் முட்டை ஓடு

அரியலூர் ரயிலடிக்குப் பின்னால் அந்த ஹாஸ்டல் இருந்தது. ஹாஸ்டல் என்று பலகையில் எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். சமையல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன பிறகு அங்கே சோறும் கிடையாது, குழம்பும் கிடையாது. கோழிக்கூடு மாதிரி ஆளுக்கொரு அறை, ஒரு கட்டில், ஒரு குண்டு பல்பு. போதாததற்கு வார்டன் அமிர்தலிங்கம் சுவரில் சட்டம் வேறு எழுதி வைத்திருந்தார்: அறைக்குள் அடுப்பு கூடாது, மீறினால் அன்றைக்கே காலி.

மாடியில் கடைசி அறை அரியமுத்துவுடையது. குன்னத்துக்குப் பக்கம் ஊர். அம்மா கொளஞ்சியம்மாள் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்து, கடலை பறித்துப் படிக்க வைத்தாள். அவன் பி.எஸ்.சி. கடைசி வருஷம். பரீட்சைக்கு ஒரு மாசம்கூட இல்லை. இந்த அறையை விட்டால் அரியலூரில் அவனுக்கு வேறு அறை கிடையாது. எந்தத் தெரு, யாருடைய பிள்ளை என்று விசாரித்ததுமே வீட்டுக்காரர்களுக்கு அறை காலியில்லாமல் போய்விடும். அவனே ஏழெட்டு வாசலில் பார்த்துவிட்டு வந்தவன்.

பக்கத்து அறைக்காரன் சின்னதுரை. உடையார்பாளையம் பக்கம் நஞ்சையும் புஞ்சையுமாக உள்ள வீட்டுப் பிள்ளை. மாசம் பிறந்தால் அவனுக்கு மணியார்டர் வரும். வந்த கையோடு பரோட்டா, கிரீம் பிஸ்கட், காகிதம் சுற்றிய ஆப்பிள், உடம்பு தேறும் என்று படம் போட்ட டின்னில் சத்துமாவு. பத்து நாளில் பை காலி. அப்புறம் மாசம் முடியும் வரை பன்னும் டீயும். கடைவாய் இரண்டும் புண்ணாகி, சிரிக்கக்கூட முடியாமல் திரிவான். ஆனாலும் வாய் மட்டும் ஓயாது.

"என்னடா அரியமுத்து, மாட்டுக்கு வைக்கிறத நீ தின்னுட்டிருக்க?" என்பான்.

"மாடு நல்லாத்தானடா இருக்கு. உன் வாயப் பாரு, ரெண்டு பக்கமும் கிழிஞ்சு கெடக்கு," என்பான் இவன்.

அரியமுத்து அப்படி என்னதான் தின்றான்? காலையில் ஒரு பிடி அவலைத் தண்ணீரில் அலசி, பால்காரி வீராயியிடம் வாங்கிய தயிரில் ஊறப்போட்டு, புள்ளி விழுந்த வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து தின்பான். புள்ளி விழுந்தால் கடைக்காரன் பாதி விலைக்குத் தள்ளிவிடுவான். அதுதான் தேனாக இனிக்கும், டவுன்காரனுக்குத் தெரிந்தால்தானே! மத்தியானம் மட்டும் கிளப்புக் கடையில் அளவுச் சாப்பாடு, கீரை வைக்கிற நாளாகப் பார்த்து. சாயந்திரம் ஊறவைத்த கடலையும் வெல்லமும். கடலை அம்மா கொடுத்தனுப்பியது. பூசணம் பிடித்ததையும் கசப்பதையும் பொறுக்கித் தூரப் போட்டுவிடுவான். சந்தை கலைகிற நேரத்துக்குப் போனால் தக்காளியும் கொய்யாவும் அள்ளிக் கொடுப்பார்கள். ஆப்பிளைத் தின்றால்தான் படிப்பு ஏறும் என்று எந்த மடையன் சொன்னானோ!

இதற்கெல்லாம் மேலே பச்சைப்பயறு. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்க விடுவான். நடுவில் இரண்டு தரம் நல்ல தண்ணீரில் அலசிக் கட்டுவான். மறுநாள் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்தால் வேலை முடிந்தது.

அந்த மாசம் ஹாஸ்டலில் தினம் சாயந்திரமானால் ஃப்யூஸ் போக ஆரம்பித்தது. எவனோ மின்சார அடுப்பு வைத்திருக்கிறான் என்று வார்டன் கறுவிக்கொண்டிருந்தார். அவர் காதில் சின்னதுரை ஓதினான்: "ராத்திரியில ஓட்டல் பக்கமே வராதவன் எவன்னு பாருங்க சார். அவன் குப்பைத் தகரத்தையும் கொஞ்சம் பாருங்க."

அன்று சாயந்திரம் வார்டன் அரியமுத்து அறைக்குள் செருப்போடு நுழைந்தார். கட்டிலைப் புரட்டினார். பெட்டியைக் கவிழ்த்தார். ஜன்னலில் தொங்கிய மூட்டையைப் பார்த்து ஒரு எட்டு பின்வாங்கினார்.

"என்னடா இது, பேய்க்கு முடிஞ்சு வச்சிருக்கியா?"

"பச்சைப்பயறுங்க சார். முளை கட்டியிருக்கேன்."

குப்பைத் தகரத்தைக் காலால் உதைத்தார். முட்டை ஓடு உருண்டது. வார்டன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"பயறு தானா முளைக்கும். முட்டை தானா வேகுமாடா? அடுப்பு எங்க?"

"அடுப்பு இல்லீங்க சார்."

"அப்ப இது? கோழியே அவிச்சுப் போடுதா?" வாசலில் கூடியிருந்த கூட்டம் சிரித்தது. "மரியாதையாப் பெட்டியக் கட்டு. விடியறதுக்குள்ள அறை காலியா இருக்கணும்."

அரியமுத்து கவிழ்ந்த பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அழுதால் சின்னதுரைக்குக் கொண்டாட்டம் என்று அவனுக்குத் தெரியும்.

"முட்டை எங்க வேகுதுன்னு காட்டுறேன், வாங்க சார். அதுக்கப்புறம் காலி பண்ணச் சொல்லுங்க. இப்பவே வாங்க."

எதிர்வரிசையில் அமாவாசையின் டீக்கடை. அமாவாசைக்கு எழுத்து வராது. ஆனால் கடையில் பேப்பர் வாசிக்க ஆள் இருந்தால்தான் கூட்டம் உட்காரும், இரண்டாவது டீ ஓடும். தினம் சாயந்திரம் அரியமுத்து பேப்பரைச் சத்தமாகப் படிப்பான். அதற்குக் கூலி காசில்லை. கழுவிய முட்டை இரண்டை அவன் கொண்டுவருவான். பால் அடுப்பின் ஓரத்தில் ஒரு தகரக் குவளைத் தண்ணீரில் அமாவாசை அதை வேகப்போட வேண்டும். அவ்வளவுதான் பேச்சு.

"ஏப்பா, இவன் முட்டை இங்கதான் வேகுதா?" என்றார் வார்டன்.

"ஆமாங்க. அந்தா குவளை இருக்கு பாருங்க. அரசியல் சேதி முடிஞ்சு சினிமா பக்கம் வர்றப்ப வெந்துரும். நல்லா கெட்டியா வேணும்னா கல்யாண விளம்பரத்தையும் சேத்துப் படிப்பான். ஏந்தம்பி, இன்னைக்கு லேட்டு? ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

வார்டன் குவளையைப் பார்த்தார், அரியமுத்துவைப் பார்த்தார், மூக்கைத் தேய்த்துக்கொண்டார். ஆனாலும் வார்டனாயிற்றே, விட்டுவிட முடியுமா?

"முட்டை சரிடா. ஃப்யூஸ் எப்படிப் போகுது?"

கேட்டு வாய் மூடவில்லை, எதிரே ஹாஸ்டல் மொத்தமும் இருண்டது.

"நான் இங்கதாங்க நிக்கிறேன்," என்றான் அரியமுத்து.

வார்டன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடி ஏறினார். சின்னதுரை அறையில் கருகிய ஒயர் நாற்றம். செம்புத் தண்ணீருக்குள் மின்சாரச் சுருள் கம்பி ஒன்று முங்கிக் கிடந்தது, பக்கத்தில் படம் போட்ட டின். மாசக் கடைசியில் சோற்றுக்கு வழியில்லாமல், டின்னின் அடியில் ஒட்டிய மாவைச் சுரண்டி வெந்நீரில் கரைக்கப் பார்த்திருக்கிறான் மகராசன்.

வார்டன் கம்பியைப் பிடுங்கிக்கொண்டார். அரியமுத்துவைப் பெட்டி கட்டச் சொன்ன அதே வாய், இப்போது "பெரிய வூட்டுப் பையன், இனிமே இப்படிப் பண்ணாத தம்பி," என்றது.

"அடுப்பு வச்சா காலி பண்ணணும்கிறது எனக்கு மட்டுந்தானுங்களா சார்?" என்றான் பின்னாலேயே மாடி ஏறி வந்திருந்த அரியமுத்து.

வார்டனுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே படி இறங்கிப் போனார். அறை பிழைத்தது. அந்த மட்டுக்கும் லாபம். நியாயம் வேண்டுமென்றால் அதற்கு வேறு ஊர்தான் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை அரியமுத்து அவலைப் பிசைந்துகொண்டிருந்தபோது வாசலில் சின்னதுரை நின்றான். கடைவாய்ப் புண்ணில் விரலை வைத்தபடி ஜன்னல் மூட்டையையே பார்த்தான்.

"டேய்... அந்தப் பயறு முளைக்க எத்தனை நாளாகும்?"

"மாட்டுத் தீனிதானடா அது?"

சின்னதுரை வாசலை விட்டு நகரவில்லை. அவன் வயிறுதான் பதிலுக்குக் கூவியது, வெளியே கேட்கும்படி.

"ஒரு நாள்தான்," என்றான் அரியமுத்து. "ஒரு பிடி பயறு தரேன். துணி உன்னோடது. துவைச்சுக் கொண்டா."

போனவன் திரும்பி வந்தான், கையில் ஜரிகைக் கரை போட்ட பட்டுத் துண்டோடு. மானங்கெட்டவனிடம் சுத்தமான பருத்தித் துணி ஒன்றுகூட இல்லை.