போட்டோ இல்லாமல் கேட்ட கேப்ஷன்

பார்கவியிடம் யாரும் எதையும் மறைக்க முடியாது. மறைத்தால் கண்டுபிடித்துவிடுவாள். மறைக்காவிட்டாலும் எதையோ கண்டுபிடித்துவிடுவாள். அவளோடு ஒரே வீட்டில் இருப்பது, எந்நேரமும் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதுபோல.

அடுகோடியில் ஒர்க்‌ஷாப்புகளுக்கு நடுவே ஒரு மாடி வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். மைசூரிலிருந்து வேலைக்கு வந்த ஸ்ரீரஞ்சனியாகிய நான், தாரணி, பார்கவி. தாரணியும் பார்கவியும் வைட்ஃபீல்டில் ஒரே ஆபீஸில் பில்லிங் பிரிவில் இருக்கிறார்கள். பார்கவியின் சொந்த வீடு இதே ஊரில், ஒக்கலிபுரத்தில்தான். அப்பா ராஜேந்திரன் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிறார். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து பகலில் தூங்க இடமில்லை என்று சண்டை போட்டுத்தான் அவள் வெளியே வந்தாள். வெளியாட்கள் எத்தனை நாளைக்கு உனக்கு ஆவார்கள், பார்க்கிறேன் என்று அப்பா சொல்லி அனுப்பினாராம். அன்றிலிருந்து அவளும் எங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

சாம்பாரில் உப்பு கூடினால் யாருக்கு என்மேல் கோபம் என்று கேட்பாள். நானும் தாரணியும் சிரித்தால் சிரிப்பு நிற்கும்வரை வாசலிலேயே நிற்பாள். எனக்குப் பல நாள் எரிச்சலாக வரும். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது லீவு போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தவளும் அவள்தான். அதனால் எரிச்சலை முழுதாகக் காட்டவும் முடியாது.

அவளிடம் ஒரு திறமை உண்டு. எங்கள் கூட்டத்தில் யார் இன்ஸ்டாவில் போட்டோ போட்டாலும் கேப்ஷன் அவளுடையது. ஊரே இங்கிலீஷில் எழுதும்போது இவள் தமிழில் எழுதுவாள். படத்தில் தெரிவதைத் திரும்ப எழுதக் கூடாது என்பாள். கேக் இருக்கிற படத்தின் கீழே கேக் என்று எழுதுகிறவளைப் பார்த்தால் அவளுக்குப் பரிதாபம். படத்தில் தெரியாததைத்தான் எழுத வேண்டும், சத்தம், வாசனை, யாரோ ஒருவருடைய சின்ன மானக்கேடு. சிரித்தோம் என்று எழுதினால் யாருக்கும் சிரிப்பு வராது. யாருக்குப் புரையேறியது என்று எழுத வேண்டும். எல்லாவற்றையும்விட முதல் வரி முக்கியம். படத்துக்குக் கீழே அதுதான் தெரியும், மீதியை ஆப் மடித்து வைத்துவிடும், தட்டினால்தான் விரியும். முதல் வரிக்காக ஒரு மணி நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மீதி மடிப்புக்குள் நன்றாக மறைய வேண்டுமென்றால் நடுவில் வரிக்கு ஒரு புள்ளியாக நாலைந்து வைத்துவிடுவாள்.

ஜூன் ஒன்று அவள் பிறந்தநாள் என்று தாரணி சொன்னாள். போன வருஷம் அவளை வாழ்த்தி ஆபீஸில் எல்லோருக்கும் மெயில் வந்ததாம். மே முப்பத்தொன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கேக் வெட்டுவது என்று முடிவு செய்தோம், அன்றைக்கு அவர்களுக்கு ஷிஃப்ட் லீவுதான். அவளை விட்டுவிட்டுத் தனி வாட்ஸ்அப் குரூப் ஒன்று தொடங்கினோம். அதில் நான், தாரணி, அவர்கள் ஆபீஸ் அமல். இந்த ஊரில் எந்தக் கூட்டத்திலும் பிறந்தநாளுக்கு முன்னால் இப்படி ஒரு குரூப் முளைக்கும், அப்புறம் செத்துப்போகும்.

எனக்கு ஒரு கவலை இருந்தது. மெழுகுவத்தி அணைவதற்குள் போட்டோ போட்டுவிட வேண்டும், பன்னிரண்டரைக்குப் போட்டால் பழைய செய்தி. ஆனால் எனக்கு ஒரு வரி எழுத வராது, எழுதுகிறவளோ கேக்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். எனவே ஒரு வாரம் முன்னாலேயே அவளிடமே கேட்டுவிட்டேன். என் கஸினுடைய தோழிக்கு நள்ளிரவில் சர்ப்ரைஸ் வைக்கிறார்கள், நண்பர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சத்தம், தூக்கக் கலக்கம், சிரிப்பு, அதற்கு ஒரு கேப்ஷன் வேண்டும் என்றேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போட்டோ எங்கே என்றாள். இன்னும் எடுக்கவில்லை என்றேன். மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"போட்டோ இல்லாம கேப்ஷன் கேக்கறவங்க எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம்."

அப்போதே நான் விட்டிருக்க வேண்டும். எத்தனை பேர், ஹாலா மொட்டை மாடியா, யார் அதிகம் கத்துவார்கள் என்று அவள் விசாரிக்க, நானும் பதில் சொல்லிக்கொண்டே போனேன். தூக்கக் கலக்கம் என்றாயே, யாருக்கு என்றாள். ஒருத்தன் கண்டிப்பாகச் சோபாவிலேயே தூங்கிவிடுவான் என்றேன். எங்களுக்குத் தெரிந்து சோபாவில் தூங்குகிற ஒரே மனிதன் அமல். அவள் துணியை மறுபடி எடுத்து மடித்தாள். அனுப்பறேன் என்று மட்டும் சொன்னாள்.

கஸினும் இல்லை, தோழியும் இல்லை, நம் கூட்டம்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தாரணியின் போனில் அந்தக் குரூப் பெயர் மின்னியதையும் பார்த்துவிட்டாள். நியாயப்படி, தனக்குத்தான் சர்ப்ரைஸ் என்று எந்தப் பெண்ணும் நினைத்திருப்பாள். இவள் நினைக்கவில்லை. வேறு யாருக்கோ கேக் வெட்டப்போகிறார்கள், தன்னைக் கூப்பிடப்போவதில்லை, அதற்குக் கேப்ஷனும் தன்னையே எழுத வைக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள். அப்பாவுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டு வாங்க, வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லியும்விட்டாள். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அந்த வாரம் முழுக்க அவள் முறைத்ததை வழக்கமான முறைப்பு என்றே நினைத்துக்கொண்டோம்.

கேப்ஷன் வந்தபோது நான் ஆபீஸ் வண்டியில் இருந்தேன். நோட்டிஃபிகேஷனில் முதல் வரி தெரிந்தது. "தெருநாய்கூட எழுந்துவிட்டது, சோபாவில் இருப்பவர் எழவில்லை." வண்டியிலேயே சத்தமாகச் சிரித்தேன். திறந்தபோது கீழே புள்ளிகள் வரிசையாக இறங்கின. அதற்குக் கீழே பெயர்களை டேக் செய்ய இடம் விட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அப்படியே காப்பி செய்து வைத்துவிட்டேன். ஸ்பீட் பிரேக்கருக்கு ஸ்பீட் பிரேக்கர் குதிக்கிற வண்டியில் அதற்கு மேல் யார் படிப்பார்கள்?

முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி அமல் பேக்கரியிலிருந்து முட்டை போடாத பிளாக் ஃபாரஸ்ட் வாங்கி வந்தான். சொன்னபடியே பதினொன்றரைக்குச் சோபாவில் தூங்கியும் போனான். பன்னிரண்டுக்கு நானும் தாரணியும் பார்கவியின் கதவைத் தட்டினோம். பதில் இல்லை. மறுபடி தட்டினோம். எனக்குத் தூக்கம் வருது, உங்க வேலையை நீங்க பாருங்க என்று உள்ளிருந்து குரல் வந்தது. அது தூங்குகிறவள் குரலே இல்லை. கேஸ் வாசனை வருகிறது என்று தாரணி புளுகிய பிறகுதான் கதவு திறந்தது.

நான் கேக்கை நீட்டினேன். தாரணி ஸ்பிரேயை அடித்தாள், நுரை பாதி பார்கவியின் முகத்தில், பாதி என் வாயில். தெருவில் நாய் நிஜமாகவே குரைத்தது. பார்கவி கேக்கைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

கேக்மேல் பெயர் இருக்கிறதே என்றேன்.

"எந்த பார்கவி?"

தாரணி அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கேக்கில் ஒரு துண்டைப் பார்கவியின் கன்னத்தில் அப்பினோம். அவளும் என்ன நினைத்தாளோ, ஒரு கை அள்ளி, தூங்குகிற அமலின் மூக்கில் வைத்தாள். அவன் எழுந்து ஷிஃப்ட் முடிந்ததா என்று கேட்டான். அவளுக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. அந்த நிமிஷத்தை எடுத்து, வைத்திருந்த கேப்ஷனை ஒட்டி, எல்லோரையும் டேக் செய்து போட்டுவிட்டேன்.

முதல் லைக்குகள் முதல் வரிக்கு வந்தன. அப்புறம் யாரோ மடிப்பைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். "யாருப்பா அந்தக் கூப்பிடாதவள்?" என்று ஒரு கமென்ட். என்ன இது என்று தாரணி விரித்து, சத்தமாகவே படித்துவிட்டாள்.

"கூப்பிடாதவள் பக்கத்து அறையில் விழித்துத்தான் இருந்தாள். உங்கள் சிரிப்பு அவளுக்கு நன்றாகக் கேட்டது."

மேலே படத்தில் கன்னம் முழுக்க க்ரீமோடு சிரிப்பது பார்கவி, கீழே இந்த வரி. நான் போனைப் பிடுங்குவதற்குள் அவளே சொன்னாள்.

"நான்தான் அது. இன்னிக்கு என் பர்த்டேவும் இல்ல."

ஸ்கூலில் சேர்க்கும்போது அவள் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டார்களாம். யார் வீட்டில்தான் போடவில்லை? என் மாமாவுக்கே இரண்டு பிறந்தநாள். ஆபீஸ் மெயிலை அவள் திறந்துகூடப் பார்ப்பதில்லை, அந்தத் தேதி அவளுக்கு ஆதார் நம்பர் மாதிரி. நிஜமான நாள் மார்ச்சில் போய்விட்டது. அன்றைக்குப் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். நான் அந்தச் சுடிதாரைப் பார்த்து, என்ன விலை என்று மட்டும் கேட்டேனாம். உங்களுக்கு நான் வேண்டாதவள் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன் என்றாள். பெட்டி கட்டிவிட்டதையும், ஞாயிற்றுக்கிழமை அப்பா வருவதையும் அப்போதுதான் சொன்னாள்.

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது.

"சொன்னாத்தானேடி தெரியும்? நாங்க என்ன ஜோசியமா பாக்கறோம்?"

"கேட்டு வாங்கினா அது வாழ்த்தாடி?"

போனை அவளிடம் கொடுத்து, எடிட் பண்ணு என்றேன். படத்தையே எடுத்துவிடட்டுமா என்று அமல் கேட்டான். வேண்டாம், எடுத்தால் லைக்கும் போய்விடும் என்றாள் அவள். அந்த நேரத்திலும் தொழில்! கை துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நாங்கள் மீதிக் கேக்கைச் சாப்பிட்டபடி காத்திருந்தோம். முதல் வரியை அப்படியே விட்டாள். புள்ளிகளை அழித்தாள். கீழே தன் பெயரைப் போட்டு எழுதினாள்: "இன்று என் பிறந்தநாள் இல்லை. இவர்களிடம் நான் சொல்லவே இல்லை. தேதி மட்டும்தான் தப்பு."

கேப்ஷனை மாற்றினாலும் கமென்ட் மாறாது. "யாருப்பா அந்தக் கூப்பிடாதவள்?" இன்னும் அங்கேயே இருக்கிறது. அதை நீக்கட்டுமா என்றதற்கு, இருக்கட்டும் என்றாள்.

காலையில் அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். சமையலறையில் நின்று பேசினாள், குரல் எங்களுக்குக் கேட்டது. வண்டிக்குச் சொல்லிவிட்டதாக அவர் சொல்லியிருக்க வேண்டும். இவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அங்கே சந்தேகம் வலுத்தது. என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று அவர் போட்ட சத்தம் ஹால்வரை வந்தது.

"யார் பேச்சைக் கேட்டு இப்படிப் பண்றே?"

"யார் பேச்சையும் கேக்கலப்பா," என்றாள் பார்கவி. "மார்ச்லேர்ந்து நான்தான் இவங்ககிட்ட மனசு விட்டுப் பேசவே இல்ல. இப்பதான் பேசினேன்."