பூஜ்யத்தில் தொடங்கும் தொடர்

ஜோசஃபின் கோலார் தங்கவயல் பெண். பதினொரு வருடம் ரயிலில் பெங்களூர் வந்துபோய், இப்போது லிங்கராஜபுரத்தில் வாடகைக்கு இருக்கிறார். தனியார் கல்லூரியில் கணிதம் நடத்துகிறார். ஒப்பந்த வேலை, ஒவ்வொரு ஜூனிலும் துறைத்தலைவர் ரங்கநாதன் பட்டியலில் பெயர் சேர்த்து அனுப்பினால்தான் அடுத்த வருடம் உண்டு. பட்டியல் அன்று மாலை போக வேண்டியிருந்தது.

விடைத்தாள் திருத்தும் அறையில் மணி இரண்டு. மூன்று மணிக்குக் கட்டுகளுக்கு சீல். விடைக்குறிப்பு, அவர்கள் பேச்சில் 'கீ', ஜோசஃபின் தயாரித்தது.

கேள்வி: aₙ = 4aₙ₋₁ − 4aₙ₋₂, a₀ = 1, a₁ = 4. பெரும்பாலோர் சிறப்பியல்புச் சமன்பாடு போட்டிருந்தார்கள்: r² − 4r + 4 = 0, மூலம் 2, இருமுறை. ஆகவே aₙ = (A + Bn)2ⁿ. குறிப்பில் இறுதி விடை n·2ⁿ⁻¹. வேறு எழுதியவர்களுக்குக் கடைசி நான்கு மதிப்பெண் போயிற்று.

கையில் இருந்த தாள் வேறு வழி. பிறப்பிக்கும் சார்பு: G(x) = a₀ + a₁x + a₂x² + … தொடர்பைப் பயன்படுத்திச் சுருக்கினால் G(x) = 1/(1 − 2x)². விரித்தால் xⁿ-இன் கெழு (n + 1)2ⁿ.

சிவப்புப் பேனா தாளில் இறங்கவில்லை. அந்த வழியில் a₀ முதல் உறுப்பாகவே நிற்கிறது, தாண்ட முடியாது. தன் குறிப்பில் n = 0 போட்டார். பூஜ்யம் வந்தது. கேள்வி ஒன்று என்கிறது.

வகுப்பில் எப்போதும் தொடரை n = 1-லிருந்து தொடங்குவார். பழக்கத்தில் 1, 4 இரண்டையும் a₁, a₂ என்று எடுத்துவிட்டார். a₀, a₁ என வைத்தால் A = 1, 2(A + B) = 4, B = 1. (n + 1)2ⁿ. இரண்டு வழியும் ஒன்றுதான் சொல்கின்றன.

"என்னக்கா, பேய் அறைஞ்ச மாதிரி?" பக்கத்து மேஜை டெரிக்.

"டெரிக், கீ தப்பு."

"யார் போட்டது?"

"நான்தான்."

டெரிக் குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கு லிஸ்ட் போகுதுக்கா. வாயத் தொறக்காதீங்க. ரீவேல்யூவேஷன் கேட்டா பாத்துக்கலாம்."

"காசு கட்ட முடியாதவன் கேப்பானாடா?"

எழுந்து ரங்கநாதன் மேஜைக்குப் போனார். தாளை வைத்து, n = 2 போட்டுக் காட்டினார். தொடர்பில் 16 − 4 = 12. மாணவன் விடை 3 × 4 = 12. குறிப்பின் விடை 4.

ரங்கநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "நூத்திப் பதினெட்டு பேப்பர் மேடம். இப்பவா சொல்றீங்க?"

"இப்பதான் சார் தெரிஞ்சது. நானே திருத்திடறேன். தப்பு என்னோடதுன்னு எழுதித் தரேன்."

"எழுதுங்க."

எழுதிக் கையெழுத்திட்டார். சீல் ஐந்து மணிக்குத் தள்ளிப்போனது. எழுபத்தேழாவது தாளில் இருந்தபோது ரங்கநாதன் வந்து நின்றார். கையில் பட்டியல்.

"அடுத்த செமஸ்டர் கீ டெரிக் போடட்டும்" என்றார். "நீங்க செக் பண்ணுங்க. பூஜ்யத்துலேர்ந்து."

ஜோசஃபின் கையிலிருந்த தாளில் புது மதிப்பெண் போட்டார். எழுபத்தெட்டாவது தாளைப் பிரித்தார்.