வாய் வெளியே பார்த்த வெண்டிலேட்டர்

சாலவாக்கம் பக்கத்தில் அந்த ஊரில் பாத்ரூம் கட்டிய வீடுகள் பதினேழு. அதில் பதினான்குக்கு அம்சா செங்கல் சுமந்திருக்கிறாள். எந்த வீட்டு வெண்டிலேட்டரில் மரச் சட்டத்தில் காடி வெட்டிக் கண்ணாடியைச் சொருகியிருக்கிறது, எதில் அலுமினியக் கிளிப், எதில் கைப்பிடியை இழுத்தால் கண்ணாடியெல்லாம் ஒன்றாக மூடிக்கொள்ளும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள். இதெல்லாம் தெரிந்திருப்பது தப்பு என்று முப்பத்திரண்டு வயது வரைக்கும் அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

பதினைந்து வயதில் சித்தாள் வேலைக்கு வந்தவள். ஏரிக்கரை ஓரம் இருக்கும் இருளர் குடிசைகளில் அவளுடையது கடைசி. ஊராருக்கெல்லாம் குளியலறை கட்டிக் கொடுத்தவள் குளிப்பது நான்கு ஓலைத் தட்டிக்கு நடுவில்தான். அதைப் பற்றி அவள் அழுது புலம்பினதில்லை. தட்டியை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிக் கட்டுவாள்.

வினை வந்தது கிருஷ்ணசாமி வீட்டில். பன்னிரண்டு ஏக்கர் நஞ்சைக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்குப் பின்பக்கம் பாத்ரூம் கட்டினார். வெண்டிலேட்டர் இரண்டடி அகலம், ஒன்றரையடி உயரம். உத்திரமேரூர் தானியேல் கடையில் செய்த அலுமினியச் சட்டம். இரண்டு பக்கமும் சாய்வாக ஐந்து ஐந்து கிளிப். ஒவ்வொரு ஜோடி கிளிப்பிலும் ஒரு புள்ளிக் கண்ணாடிப் பட்டை. கிளிப்பின் ஒரு முனை மூடியிருக்கும், இன்னொரு முனை திறந்திருக்கும். திறந்த வாய் வழியாகக் கண்ணாடியைத் தள்ளிவிட்டு, அங்கே இருக்கிற சின்ன அலுமினிய நாக்கை மடக்கிவிட்டால் கண்ணாடி நகராது. உள்ளே கம்பி போடலாமா என்று மேஸ்திரி கேட்டதற்கு, "இன்னாத்துக்கு, ஜெயிலு மாதிரி?" என்றுவிட்டார் கிருஷ்ணசாமி.

மேஸ்திரி சட்டத்தை முடுக்கும்போது கீழே கலவைச் சட்டியோடு நின்ற அம்சா பார்த்தாள். "அண்ணே, கிளிப்பு வாயி வெளிய பாக்குதுண்ணே."

"மழத்தண்ணி வெளிய போவுதா இல்லியா? அத்த மட்டும் பாரு. நீ எனுக்கு வேல கத்துக் குடுக்காத."

சாய்வு என்னவோ சரிதான். கண்ணாடியின் வெளிவிளிம்பு தாழ்ந்து, உள்விளிம்பு உயர்ந்து இருந்தது. மழை உள்ளே வராது, கீழே நின்று எட்டிப் பார்த்தாலும் கூரைதான் தெரியும். அதனால் தலைகீழாய் மாட்டியது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. சித்தாள் பேச்சு அம்பலம் ஏறுமா?

இந்த வருஷம் ஒரு நாள் கிருஷ்ணசாமியின் பேத்தி ஸ்வேதா, நாலு வயசு வாண்டு, பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டது. போடத் தெரிந்தது, எடுக்கத் தெரியவில்லை. குழாயையும் திறந்துவிட்டிருந்தது. உள்ளே இடுப்பளவு சிமெண்ட் தொட்டி. முதலில் அழுகைச் சத்தம் கேட்டது. அப்புறம் தொட்டி மேல் ஏறுகிற சத்தம். கதவை உடைக்கலாம் என்றால் குழந்தை கதவுக்குப் பின்னாலேயே வந்து வந்து நிற்கிறது. மருமகள் கல்பனா வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள்.

அம்சா அன்றைக்கு அந்த வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்துக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தாள். ஒருவரையும் கேட்கவில்லை. பின்பக்கம் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து மேலே ஏறினாள். கருக்கரிவாள் முனையால் நாக்குகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். கண்ணாடி தானாகவே வழுக்கி அவள் கைக்கு வந்தது. ஐந்தையும் உருவி, பின்னாலேயே ஓடிவந்த கல்பனாவிடம் கொடுத்துவிட்டு, கையை முன்னே நீட்டி, தோளைச் சாய்த்து உள்ளே நுழைந்தாள். தொட்டி விளிம்பில் நின்ற குழந்தையை அள்ளிக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்தபோது வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகியிருக்காது. ஒரு கண்ணாடியும் கீறவில்லை.

கல்பனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்சாவுக்கும் அழுகை வந்தது. தெருவே கூடி நின்று மெச்சியது. கிருஷ்ணசாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த ஓட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஓட்டையைப் பார்த்தார்.

"இவ்ளோ சுளுவா கயட்டிட்டியே! எங்க கத்துக்கினே?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் குடிசைக்கு வருகிற வழியில் அந்தக் கேள்வி காலில் தைத்த முள்போலக் கூடவே வந்தது.

பத்து நாள் கழித்து, நாலு கல் தள்ளி ஒரு ஊரில் திருட்டு. பாத்ரூம் வெண்டிலேட்டர் கண்ணாடியைக் கழற்றிச் சுவரோரம் அடுக்கி வைத்துவிட்டு எவனோ உள்ளே போயிருக்கிறான். போலீஸ் ஜீப் முதலில் வந்தது இருளர் குடிசைப் பக்கம்தான். எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் அங்கேதான் வரும். இரண்டு ஆண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் திருப்பி அனுப்பினார்கள்.

"உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்று கத்தினான் அவள் புருஷன் மாசி. "ஊரே பாக்க கண்ணாடிய கயட்னியே! நாளிக்கு இங்க ஒண்ணு காணாம போனா யாரத் தேடுவான்?"

"புள்ள தொட்டி மேல நின்னுக்கினு இருந்துச்சிய்யா. இன்னா பண்ணச் சொல்ற?"

"நான் இன்னா சொல்றது? ஊரு சொல்லும்."

ஊர் சொல்லத்தான் சொன்னது. குழாயடியில் அவள் போனால் பேச்சு நிற்கும். களத்துமேட்டில் ஒருத்தி விளையாட்டாக, "அம்சா, எங்கூட்டு கண்ணாடிய வுட்டுருடி!" என்றாள். அம்சாவுக்கு எதிலும் கை ஓடவில்லை. தெருவில் நடந்தால் கண் தன்னால் சுவர் உச்சிக்குப் போயிற்று. இதில் வாய் உள்ளே, இதில் வாய் வெளியே, இதில் கம்பி இருக்கிறது, இதில் இல்லை. அப்படிப் பார்ப்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொள்வாள். குனிந்து நடந்தால் அதுவும் திருட்டு முழியாகத் தெரியுமோ என்று நிமிர்வாள். சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் நேரே கிருஷ்ணசாமி வீட்டுக்குப் போனாள். "ஐயா, அந்த ஜன்னல மாத்தி வெய்யிங்க. கம்பியும் போடுங்க."

"போடலாம் போடலாம், இன்னா அவசரம்? அத்த கயட்டத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். நீயே வந்தாதான் உண்டு" என்று சிரித்தார்.

அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. அதுதான் அம்சாவைப் பயமுறுத்தியது. வேடிக்கையாகவே இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறதென்றால், நிஜமாக ஒரு நகை காணாமல் போகிற அன்றைக்கு யோசிக்கவே மாட்டார்கள்.

அன்றைக்கே டவுன் பஸ் பிடித்து உத்திரமேரூர் போனாள். தானியேல் கடையில் அலுமினியம் அறுக்கிற கிரீச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திச் சொன்னாள். தானியேல் நல்ல வேலைக்காரர். ஆனால் தன் பொருளைக் குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "என் சட்டத்துல தப்பு கெடையாது. அந்த மேஸ்திரி மாட்னதுல தப்பு. நாக்கு வூட்டுக்குள்ள இருக்கணும்மா. வெளிய வச்சா, திருடனுக்கு சாவி குடுத்த மாதிரி!"

"அத்த நீங்க வந்து ஐயா கைல சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, மொபெட்டில் கம்பியைக் கட்டிக்கொண்டு வந்தார். கல்பனா முன்னமே மாமனாரிடம் பேசி வைத்திருந்தாள். கண்ணாடியை உருவி, பக்கத்துக்கு இரண்டு திருகாணியைக் கழற்றிச் சட்டத்தை இறக்கினார். வெளிப்பக்கம் உள்ளே வருகிற மாதிரி, கதவைத் திருப்புவதுபோல இடவலமாகத் திருப்பி மாட்டிக் கண்ணாடியையும் சொருகினார். நாக்கு இப்போது உள்ளே. வேலை முடிந்ததென்று கையைத் தட்டிக்கொண்டார்.

அப்போது அடுத்த வீட்டு மாடியில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த முத்துவேல் மனைவி பவளம் குரல் கொடுத்தாள். "கல்பனா, இங்கேர்ந்து பாத்தா உங்க கொயாயே தெரியுதும்மா!"

கல்பனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. தானியேல் ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றினார். அத்தனையும் பாத்ரூமுக்குள் போயிற்று. நாக்கு உள்ளே வந்ததோடு சாய்வும் உள்பக்கமாக மாறிவிட்டது.

"ரெண்டுல ஒண்ணுதான் வரும் போலகீது" என்றார் கிருஷ்ணசாமி. "பயைய மாதிரியே வச்சிடு. மானம் முக்கியம்."

மறுபடி பழைய மாதிரியா? தானியேல் மறுபடி உருவி வைத்த கண்ணாடிப் பட்டைகளில் ஒன்றை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே சாய்த்துப் பிடித்தாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்.

"அண்ணே, முதல்ல இருந்த மாதிரி வச்சி, பக்கவாட்டுல திருப்பாத. தோசயப் பொரட்டற மாதிரி பொரட்டு. மேல கீறது கீய வரட்டும். சாய்வு அப்டியே இருக்கும், வாயி மட்டும் உள்ள வந்துரும்."

தானியேல் அவளை முறைத்தார். பிறகு சட்டத்தைக் கழற்றித் தன் முகத்துக்கு நேரே வைத்துத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார். "அடச் சீ, இருவது வருசமா செய்றேன்" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

புரட்டி மாட்டியதும் கண்ணாடியின் வெளிவிளிம்பு தாழ்ந்தது. அதைத் தாங்கக் கிளிப்பின் மூடிய முனை வெளியே வந்தது. நாக்கு உள்ளே, மேல்பக்கம். ஊற்றிய தண்ணீர் வெளியே வழிந்தது. மாடியிலிருந்து பவளம், "இப்ப ஒண்ணும் தெர்ல!" என்றாள். உள்பக்கம் குறுக்கே மூன்று கம்பியையும் முடுக்கினார் தானியேல். "கண்ணாடி கண்ணாடிதான், ஒடச்சா ஒடையும். கம்பி இருந்தா ஒடச்சும் பிரயோஜனம் இல்ல."

எல்லோரும் கலையப் போனார்கள். அம்சா டிரம்மைக் கவிழ்த்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் இருங்க. பவளம்மா, நீங்களும் பாருங்க."

அரிவாளோடு மேலே ஏறினாள். முனையை இடுக்கில் விட்டு நெம்பினாள். பிடிக்க நாக்கு இல்லை. கண்ணாடியை உள்ளே தள்ளினாள். நாக்கில் முட்டி நின்றது. தன்னிடம் இருந்த பலம் எல்லாவற்றையும் போட்டாள். பொய்யாகச் செய்கிறாள் என்று ஒருத்தரும் சொல்லக்கூடாது. கழுத்து நரம்பு புடைத்தது, விரல் நுனி கிழிந்து ரத்தம் வந்தது. கண்ணாடி அசையவில்லை.

"சரி சரி, எறங்கு" என்றார் கிருஷ்ணசாமி.

அவள் இறங்கவில்லை. "அம்சாவால கயட்ட முடியாதுன்னு சொல்லுங்க ஐயா. எல்லார் காதுலயும் வுயற மாதிரி சொல்லுங்க."

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. தான் சிரித்துக்கொண்டே சொன்னதை இவள் எத்தனை நாள் சுமந்தாள் என்று புரிந்தது. அவர் தலை தாழ்ந்துவிட்டது. "அம்சாவால முடியாது" என்றார். முதலில் சத்தம் வரவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார்.

அம்சா இறங்கினாள். இத்தனை நாளைக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு நெஞ்சு நிறைய வந்தது. ஆனால் இன்னும் பதினாறு வீடு இருக்கிறது என்பதும் உடனே ஞாபகம் வந்தது.

ஸ்வேதா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வெண்டிலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப நான் உள்ள மாட்டிக்கினா யாரு வருவாங்க?"

அம்சா ரத்தம் வந்த விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மொபெட்டை நோக்கி நடந்த தானியேலைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, போறதுக்கு முன்ன அந்தக் கதவுத் தாப்பாள கொயந்தைக்கு எட்டாத மாதிரி மேல ஏத்தி வச்சிட்டுப் போ."