எந்த வாளி?

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் ஓர் அச்சகத்தில் நான் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். அதற்கு முன் பத்திரிகை ஒன்றில் இருந்தேன். அங்கே ஒரு பேச்சாளர் கட்டுரை எழுதுவார். ஒரு முறை அவர் கட்டுரையில் கோயில் திருவிழாத் தேதி தப்பாக வந்தது. எழுதியவர் அவர்தான். வாசகர்கள் கூச்சல் போட்டதும், "மெய்ப்புக்காரன் தூங்கிட்டான்" என்றார். என்னை வெளியே அனுப்பினார்கள். "தேதியை மாத்தின ஆளா?" என்று கேட்காத அச்சகம் இல்லை. ஏழெட்டு இடம் ஏறி இறங்கித்தான் இந்த வேலை கிடைத்தது. அந்த ஆள் மேல் எனக்கு இருந்த வெறி கொஞ்சமும் ஆறவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் முதலாளி ஒரு துண்டுப் பிரசுரத்தை மேசையில் போட்டார். பூச்சிமருந்து விற்கும் கம்பெனி, காய்கறித் தோட்டக்காரர்களுக்காகத் தமிழில் போடுவது. செம்பவாங் பக்கத்திலும் ஜொகூர் எஸ்டேட்டுகளிலும் கொடுப்பார்களாம். மொழிபெயர்த்தவர் யார் என்று கேட்டேன். அந்தப் பேச்சாளரேதான். கம்பெனியில் தமிழ் அதிகாரியாகிவிட்டாராம். தேடிப் போனாலும் கிடைக்காதது தானாக வந்து மேசையில் உட்கார்ந்திருந்தது.

ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். மூலத்தில் நான்கு காலன், அதாவது சுமார் பதினெட்டு லிட்டர், தண்ணீருக்கு ஒரு அவுன்ஸ் மருந்து. இவர் 'ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு அவுன்ஸ்' என்று எழுதியிருந்தார். காலன் என்றால் தோட்டக்காரனுக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். ஆனால் வாளி எல்லாம் ஒரே அளவா? சின்ன வாளியில் கலந்தால் மருந்து நாலு பங்கு ஏறும், கீரை கருகிப்போகும். மூலத்தில் கடுகுக்கீரை, பயற்றங்காய் என்று பயிர்களைப் பிரித்துச் சொல்லியிருந்தது. இவர் 'கீரை காய்கறிகள்' என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை மருந்தைக் கழுவிவிடும், வானம் பார்த்து அடிக்கவும் என்பது மூலம். இவர் 'ஆடி ஆவணி மழைக்காலத்தில்' என்று எழுதியிருந்தார். தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஊர்களுக்காகச் சென்னையில் அச்சான எதையோ பார்த்து எடுத்த வரி. நம் ஊரில் ஆடியில் எங்கே பெருமழை?

நானே திருத்தியிருக்கலாம். எங்கள் தொழிலில் அது கூடாது. எழுத்துப்பிழை என் பொறுப்பு, சங்கதி எழுதியவர் பொறுப்பு. ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, மூல வரியையும் எழுதி அனுப்பினேன். 'எழுதியபடியே அச்சிடுக' என்று சிவப்பு மசியில் கோடு போட்டுத் திருப்பினார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் தேன் ஊறியது.

முதலாளியிடம் போனேன். "இப்படியே அடிச்சா நாளைக்கு உங்க அச்சகத்து மேலதான் பழி. கம்பெனி துரையைக் கூப்பிடுங்க" என்றேன். துரை முன்பு எஸ்டேட்டில் இருந்தவர், தமிழ் நன்றாகப் புரியும். மறுநாள் துரையும் பேச்சாளரும் வந்தார்கள். அதற்குள் பக்கத்து மளிகைக்கடையிலிருந்து ஒரு சின்ன வாளி, ஒரு பெரிய வாளி, நாலு காலன் பிடிக்கும் மண்ணெண்ணெய் டின் ஒன்று என்று வாங்கி வரிசையாக வைத்திருந்தேன்.

மெய்ப்பைப் பார்த்த துரை, "அளவு தப்பா இருக்கே" என்றார்.

"பிரஸ்காரங்க பண்ற வேலை லா. இவரைப் பத்தி எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் பேச்சாளர், என்னைப் பார்க்காமலே.

இதைத்தான் எதிர்பார்த்தேன். "தப்பு எங்களோடதுதான் சார். சரியான அளவை நீங்களே சொல்லுங்க, திருத்திடுறேன்" என்றேன் அவரிடம் பணிவாக.

"ஒரு வாளிக்கு ஒரு அவுன்ஸ்."

"எந்த வாளி, சார்?"

அவர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெரிய வாளியைத் தொட்டார். துரை குனிந்து டின்னைத் தட்டி, "நாலு காலன் இது" என்றார். பிறகு மழை மாதத்தைக் கேட்டார். ஆடி என்று வந்தது பதில். துரை சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

"இங்கேயே உட்கார்ந்து திருத்திட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு துரை காருக்குப் போனார்.

என் மேசையில், என் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டு வரி சொன்னேன். "நாலு காலன் தண்ணிக்கு, அதாவது ஒரு மண்ணெண்ணெய் டின்னுக்கு, ஒரு அவுன்ஸ்." எழுதினார். பயிர்ப் பெயர்களைச் சொன்னேன். எழுதினார். மாதங்களையும் எழுதினார்.

"என்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாமே. இப்படியா மானத்தை வாங்குறது?" என்றார் தாழ்ந்த குரலில்.

"ஓரத்துல எழுதித்தானே அனுப்பினேன். கோடு போட்டது நீங்கதான். தேதி விஷயத்துல எனக்கு அந்த வாய்ப்புகூட நீங்க குடுக்கல."

பேனாவை மூடிவிட்டு, "போதுமா?" என்றார்.

"இல்ல. மருந்தடிச்சு ஏழு நாளைக்குக் கீரை பறிக்கக்கூடாதுன்னு மூலத்துல ஒரு வரி இருக்கு. அதை நீங்க எழுதவே இல்ல. ஊரே அந்தக் கீரையைத்தான் திங்கும். எழுதுங்க."

பேனாவைத் திரும்பத் திறந்தார். தலை நிமிராமல் எழுதினார். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றுவரை தோன்றவில்லை.