வளைவுக்கு வளைவு ஒரு குமி

கோலத்தை விரலால் இழுத்தால் எனக்குக் கோடு கோணிவிடும், பொறுமையும் கிடையாது. அதனால் பழைய காலண்டர் தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியைக் கத்தரித்து, சலித்த மணல் கலந்த கலர்ப்பொடியைப் போட்டு இழுப்பேன். கை நகர்ந்தால் கம்பி மாதிரி கோடு விழும். நின்றால் அந்த இடத்தில் பொடி குமிந்துவிடும். அரூரில் எங்கள் தெருவில் எதிர்வீட்டு அக்காவுக்கு மட்டும்தான் இதைச் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு ஆஸ்துமா. வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்குவார். அங்கெல்லாம் ஒரு குமி இருக்கும்.

கார்த்திகையில் அவர் இறந்துபோனார். சாவு வீட்டில் வருஷம் திரும்பும்வரை கோலம் கிடையாது. மார்கழியில் ஒருநாள் விடியலில் அந்த வாசலில் சிவப்புக் கோலம் கிடந்தது. அக்காவின் நாத்தனார் வாளியோடு வெளியே வந்து, "நீங்களா போட்டீங்க?" என்றார்.

"துக்க வூட்ல நான் போடுவேனா?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

பிறகுதான் இருவரும் வளைவுகளைப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு குமி.

நாத்தனார் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டார். நான் வீட்டுக்குத் திரும்பினேன். என் வாசற்படி ஓரமாக, கோடு எதுவும் இல்லாமல், ஒரு பிடிச் சிவப்புப் பொடி குமிந்திருந்தது. அங்கே யாரோ வெகுநேரம் நின்றிருக்கிறார்கள்.