திரும்பி வந்த மீன்துண்டு

திருவொற்றியூரில் என் எதிர்வீட்டுக்காரர் ஒரு வடிகட்டின மடையர். காலையில் ஆலைச் சங்கு ஊதியதும் காக்கிச்சட்டையோடு கிளம்புவார். மனைவியிடம் பேச்சே கிடையாது. அவள் டிபன் டப்பாவில் சோற்றோடு வைத்த மீன்துண்டு மட்டும் சாயங்காலம் தொடாமல் திரும்பி வரும்.

"நான் கசந்து பூட்டேன்க்கா. வேற எவளோ கீறா" என்று அவள் அழுதாள்.

ஒருநாள் அவரைக் கடற்கரைப் பாறையில் பிடித்தேன். எவளும் இல்லை. கேரம், சினிமா, தோஸ்துகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தனியாகக் குந்தியிருந்தார்.

"வேலை பூட்ச்சுக்கா. எது மேலயும் மனசு இல்ல. சம்பாரிக்காதவனுக்கு மீன் இன்னாத்துக்கு? அவளாச்சும் துன்னட்டும்."

"இத்த அவகிட்ட சொல்லித் தொலையேன்!"

"எந்த மூஞ்சிய வெச்சிகினு? நீயும் சொல்லாத."

ரோஷமாம்! நானும் வாயை மூடிக்கொண்டேன். திரும்பி வந்த துண்டை அவள் தினமும் ஆத்திரத்தோடு பூனைக்கு வீசினாள். அந்த வீட்டு அன்பையெல்லாம் தின்று கொழுத்தது அந்தப் பூனை ஒன்றுதான்.