பிடுங்கப்பட்ட வயர்

சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஆபீஸ். அங்கே உட்கார்ந்து சென்னை கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். ஒரு திங்கள்கிழமை காலை நெட் நின்றுபோனது. போனைப் பார்த்தால் வைஃபை பெயருக்குக் கீழே 'கனெக்டட் வித்தவுட் இன்டர்நெட்' என்று வந்தது.

கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டேன். "உங்க போனு ரவுட்டரோட சேரல மேடம். பக்கத்துல வச்சுப் பாருங்க" என்றாள் அங்கிருந்த பெண்.

"சேர்ந்திருக்குன்னுதானம்மா போட்டிருக்கு. நெட்டுதான் இல்ல."

"அப்ப போனுல கோளாறு. ரவுட்டர் பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும், ஊசியால அமுத்துங்க."

என் கணவர் ஊசியோடு வந்துவிட்டார். "ஏங்க, அதை அமுத்துனா அவுக போட்டுவச்ச செட்டிங் பூராவும் அழிஞ்சுரும்" என்று தடுத்தேன். போனில் ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்தேன், நெட் இல்லாமலேயே உடனே திறந்தது. போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஒரு குறையும் இல்லை. ரவுட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கியது. வெளியிலிருந்து வரும் ஃபைபரில் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம்.

இதைச் சொன்னபோதும் அந்தப் பெண் போனை மாற்றச் சொன்னாள். புதன்கிழமை நானே ஆபீசில் போய் நின்ற பிறகுதான் லைன்மேனை அனுப்பினார்கள்.

அவன் எங்கள் தெருமுனைக் கம்பத்தில் ஏணியைச் சாத்தி, வீடுகளுக்கு வயர் பிரியும் பெட்டியைத் திறந்தான். எங்கள் வயரின் முனை பிடுங்கப்பட்டுத் தொங்கியது.

"எலி கடிச்சுருச்சா தம்பி?"

அவன் இளித்தான். "இல்லக்கா. மேலத்தெருவுல புது வீடு, பெரிய எடம். திங்கக்கெழம வந்து அன்னைக்கே நெட்டு வேணும்னாக. பெட்டியில எடமில்ல. ஆபீசுல சொல்லித்தான் ஒங்களுத கழட்டுனேன்."

ஆக, அவர்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே என் போனைக் குறை சொல்லியிருக்கிறார்கள். அவன் எங்கள் வயரைச் செருகிவிட்டுப் போனான். நெட் வந்தது.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு டெய்லர் அக்கா போனை நீட்டிக்கொண்டு வந்தார். "இது என்ன ஆத்தா, கனெக்ட் ஆயிருக்குங்குது, நெட்டு இல்லங்குது?"

அவர் வீட்டு ரவுட்டரிலும் அதே சிவப்பு. எனக்குக் கொடுக்க அவரிடமிருந்து பிடுங்கியிருக்கிறான். எனக்கு வந்த நெட்டைத் தொடவே அருவருப்பாக இருந்தது.

அவரையும் கூட்டிக்கொண்டு திரும்ப ஆபீசுக்குப் போனேன். அந்தப் பெண் அவரிடமும், "போனுல கோளாறா இருக்கும்" என்று ஆரம்பித்தாள்.

"அந்தப் பேச்சே வேணாம். பெட்டியில எடம் போட்டுக் குடுங்க" என்றேன். புதுப் பெட்டி மாட்டும்வரை நாங்கள் நகரவில்லை. மாட்டினார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தும் வரவில்லை. அடுத்த மாதமே இருவரும் வேறு இணைப்புக்கு மாறிவிட்டோம். அந்த லைன்மேன் இன்னமும் வழியில் பார்த்தால், "நல்லாருக்கீகளாக்கா?" என்று இளிக்கிறான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறேன்.